மேஸ்திரிக்கு வந்த பதில்

நான் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். என் மாமனார் வீட்டில் எனக்குச் 'சாக்கடை மாப்பிள்ளை' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அடுப்படியில் சொல்வார்கள், எனக்குக் காது நன்றாகக் கேட்கும். போகட்டும். அந்தச் சாக்கடை ஒரு வாரம் ஓடாமல் நின்றால் தெரியும், ஊருக்கு மாப்பிள்ளை யார் என்று.

இந்த ஊருக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில், என் மேசையில் முதலில் வந்து விழுந்தது மேஸ்திரியின் கடிதம். கோடு போட்ட தாளில் குண்டு குண்டான கையெழுத்து. தபால் பிரிவில் முத்திரை குத்தி, எண் போட்டு, சுகாதார அதிகாரி ஓரத்தில் பச்சை மையால் 'ஆய்வு செய்து அறிக்கை தரவும்' என்று எழுதியிருந்தார். அதிகாரி ஒரு டாக்டர். ஆபீஸில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் சொல்வோம். அவர் கடைசியாக நாடி பிடித்துப் பார்த்தது எந்தக் காலத்திலோ, தெரியாது.

கடிதம் இப்படி இருந்தது: "எங்கள் தெருச் சாக்கடை எங்கள் வீட்டுக்கு எதிரே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பலமுறை புகார் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஆள் வந்து குத்திவிட்டுப் போகிறார்கள். சில நாளில் மறுபடி நிற்கிறது. பொதுச் சாக்கடையை ஓட வைப்பதும், குடிக்கிற தண்ணீரில் அழுக்குக் கலக்காமல் பார்த்துக்கொள்வதும் சுகாதாரச் சட்டப்படி நகராட்சியின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாததால் எங்கள் மகள் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனாள். சாக்கடை எதனால் அடைத்தது, தண்ணீர் எதனால் கெட்டது என்று எழுத்தில் பதில் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்."

நஷ்டஈடு கேட்காத கடிதத்தை ஆபீஸில் யாருக்கும் பிடிக்காது. பணம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். காரணம் கேட்பவனை என்ன செய்வது?

கடிதம் வந்த மறுநாளே ஆளும் வந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். நகக்கண்ணில் சிமெண்ட். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பதில் வந்துடுச்சா சார்?"

"நேத்துதானே குடுத்தீங்க. இது என்ன, பஜ்ஜிக் கடையா? போட்டவுடனே எடுத்துக் குடுக்க."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வரேன் சார்" என்று போனார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும். காலையில் வேலைக்குப் போகிற வழியில், தூக்குச் சட்டியும் மட்டக்கோலும் கையுமாக வந்து கதவோரம் நிற்பார். பியூன் பொறுமை இழந்து, "தபால்ல வரும் மேஸ்திரி, வீட்டுக்குப் போங்க" என்றால், "வீட்டுலதான் இருக்க முடியல தம்பி" என்பார். அதைக் கேட்ட பிறகு பியூனும் அவரை விரட்டுவதில்லை.

அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வாசலில்தான் கேட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும், டேப் பிடித்து அளக்கிற அளவுக்கு. கடிதம் எழுதியது அவர் மனைவி. பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிறவர். இருவருக்கும் ஒரே பெண். ஸ்டேஷனரிக் கடையில் வேலை பார்த்தாள், ஸ்கூட்டர் வாங்கினாள், கல்யாணம் ஆனது, பிள்ளை உண்டானது, கடைசி மாதங்களுக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த இடத்தில் மஞ்சள் காமாலை. தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கும் அதே நோய்தான், அவர்கள் படுத்து எழுந்துவிட்டார்கள். கெட்ட தண்ணீரால் வருகிற காமாலையில் ஒரு வகை இருக்கிறது, அது நிறைமாதத்துப் பெண்ணைக் கண்டால் விடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருவரில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

"அவ வண்டி சறுக்குல ஏறும்போது தடக்குனு ஒரு சத்தம் வரும் சார்" என்றார் ஒருநாள். வீட்டு வாசலில் சாக்கடை மேல் அவரே கான்கிரீட்டில் சறுக்கு கட்டியிருந்தாராம், மகள் வண்டி ஏற. "கடை அடைச்சுட்டு சாயங்காலம் வருவா. அந்தச் சத்தம் கேட்டா அவ அம்மா தோசைக்கல்லைப் போடுவா. இப்பவும் கேக்குது. நான் திரும்பிப் பாப்பேன். அவ அம்மா பாக்க மாட்டா, மிஷினை நிறுத்திட்டு அப்படியே உக்காந்திருப்பா. ரெண்டு பேருக்கும் கேக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். சொல்லிக்கிறதில்ல."

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனால் அவர் அதைச் சொன்னபோது என் முதுகில் சில்லென்றது, அதை மறைக்க டீ சொல்லி அனுப்பினேன்.

கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். பழைய புகார்கள் எல்லாவற்றிலும் 'அடைப்பு நீக்கப்பட்டது' என்று எழுதி முடித்திருந்தது. எல்லாமே உண்மைதான். நீக்கினார்கள், மறுபடி அடைத்தது. நம் ஆட்கள் வேலை செய்யும் விதம் அப்படி. சாக்கடை மேல் ஒவ்வொரு வீட்டுக்காரனும் பலகை போட்டு, படி கட்டி மூடி வைத்திருப்பான். திறந்திருக்கிற இடத்தில் நின்று மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்துவார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். தண்ணீர் நகர்ந்ததா, வேலை முடிந்தது. பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமானால் உடைக்க வேண்டும், உடைத்தால் வீட்டுக்காரன் கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு வருவான். ஊரோடு ஒத்து வாழ் என்பதை எங்கள் ஆபீஸ் ரொம்பச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறது.

ஒரு காலை, ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். அவர்களுக்குத் தலைவர் ஒரு பெரியவர், கையில் எப்போதும் பிளாச்சு வைத்திருப்பதால் குச்சி அண்ணன். குடிநீர்ப் பிரிவிலிருந்து ஒரு ஃபிட்டரும் வந்தான். மேஸ்திரி வீட்டில் இல்லை. அன்று எங்கோ கூரைக்குக் கான்கிரீட் போடுகிற நாள். ஆரம்பித்தால் நடுவில் விட்டுவிட்டு வர முடியாத வேலை.

அவர் மனைவி வாசலில் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீட்டுக்குள் தையல் மிஷின், அதற்குப் பின்னால் போர்வை போர்த்திய ஸ்கூட்டர். நாற்றம் மூக்கைத் துளைத்தது. கறுப்புத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது, அசையாமல்.

குச்சி அண்ணன் மேல்பக்கத்திலிருந்து பிளாச்சை விட்டார். சறுக்குக்கு அடியில் பாதி தூரம் போய் நின்றது. கீழ்ப்பக்கத்திலிருந்து விட்டார். அங்கேயும் பாதியில் நின்றது.

"என்ன அண்ணே?"

"குப்பைன்னா குச்சி உள்ள அமுங்கும் சார். இது டக்குனு நிக்குது. கெட்டியா ஏதோ இருக்கு." அவர் சறுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்க்காமல் சொன்னார், "உடைச்சாத்தான் தெரியும்."

பொதுச் சாக்கடை மேல் கட்டியதை உடைக்க முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரரே சம்மதம் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே உடைக்கலாம். வீடு அந்த அம்மா பெயரில்தான் இருந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கட்டினது. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவர் தினமும் உங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிறது இதுக்குத்தானே சார். உடைங்க" என்று சொல்லி, நான் நீட்டிய தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே குண்டு எழுத்து.

அந்தச் சறுக்கை உடைப்பதற்குள் எங்கள் ஆட்களுக்கு உயிர் போய்விட்டது. ஊரில் காண்டிராக்டர்கள் கட்டுகிற பாலம்கூட இத்தனை உறுதியாக இருக்காது. சம்மட்டி அடித்தால் திருப்பி அடித்தது. "யார்யா இந்தப் புண்ணியவான், மகள் வண்டிக்குக் கட்டினானா, லாரி போகக் கட்டினானா" என்று ஒருவன் கேட்டான். குச்சி அண்ணன் அவனை முறைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கான்கிரீட்டைப் பெயர்த்துத் தூக்கியபோது எல்லோரும் பார்த்தோம். சாக்கடைக்கு நட்டநடுவில் ஒரு செங்கல் தூண். பலகை நாளைக்குத் தொய்ந்துவிடக்கூடாது என்று கட்டுகிறவன் தாங்கு கொடுத்திருக்கிறான். பூச்சுக்கூட அழகாகப் பூசியிருந்தது, யாரும் பார்க்காத இடத்தில். அரைகுறை வேலைக்காரனாக இருந்தால் வெறும் பலகையைப் போட்டுவிட்டுப் போயிருப்பான், தண்ணீர் பாட்டுக்கு ஓடியிருக்கும். அந்தத் தூணைச் சுற்றி, மேலிருந்து வந்த துணி, பிளாஸ்டிக், முடி எல்லாம் சுற்றிச் சுற்றி, பெரிய பொதியாக அடைத்துக்கொண்டிருந்தது.

பொதியை இழுத்து எடுத்ததும் தண்ணீர் இறங்கியது. இறங்கின பிறகுதான் சாக்கடைச் சுவரோரம் ஓடிய குடிநீர்க் குழாய் தெரிந்தது. நகராட்சி போட்ட குழாய். ஃபிட்டர் குனிந்து பார்த்து, இணைப்பில் துரு தின்ற ஓட்டையைக் காட்டினான். சாக்கடை ஓடும்போது குழாய் தண்ணீருக்கு மேலே இருக்கும். அடைத்து நின்றால் மூழ்கிவிடும். தண்ணீர் விடுகிற நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்கும், ஒன்றும் ஆகாது. விட்டு நிறுத்தியதும் குழாய் வெறுமையாகி, ஓட்டை வழியே வெளியில் நிற்கிறதை உறிஞ்சும். அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது அது குடத்துக்குள் வரும். ஒரு டம்ளர் போதும்.

அந்த அம்மா சாக்கடை விளிம்பில் வந்து நின்று தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். இந்த உத்தியோகத்தில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இது வேறு.

"அன்னைக்கு அவளுக்கு வண்டி வந்த சந்தோஷம் சார்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவர் உள்ள இறங்கிக் கட்டினாரு. நான்தான் ஒவ்வொரு செங்கல்லா எடுத்துக் குடுத்தேன். அவ மேல நின்னு, போதும்பா, நான் என்ன யானையான்னு சிரிச்சா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அவர் வர்றதுக்குள்ள இதை இடிச்சு அள்ளிட்டுப் போயிடுங்க. ஒரு கல்லுகூட இங்க கிடக்கக் கூடாது. அவர் கேட்டா, பிளாஸ்டிக் அடைச்சிருந்ததுன்னு சொல்லுங்க. சார், அவர் தாங்க மாட்டாரு. அவளை அவரு எப்படி வச்சிருந்தாருன்னு உங்களுக்குத் தெரியாது."

"நீங்க தாங்குவீங்களாம்மா?"

"நான் தையக்காரி சார். பிரிச்சுப் பிரிச்சுத் தச்சுப் பழக்கம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

தூணை இடித்தார்கள். வண்டல் எடுத்தால் கரையில் போட்டுக் காயவிட்டு அப்புறம் அள்ளுவதுதான் வழக்கம். அன்றைக்குக் குச்சி அண்ணன் ஈரத்தோடு வண்டியில் ஏற்றினார். செங்கல் துண்டு ஒன்றுகூட விடாமல் அவரே பொறுக்கினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஃபிட்டர் குழாயை மாற்றி, சுவருக்கு மேலே ஏற்றிக் கட்டினான். குழாய்த் தண்ணீரில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வேலை சுத்தமாக முடிந்தது. இத்தனை சுத்தமாக முடிந்த வேலைக்கு இத்தனை கனத்த மனதோடு நான் வீடு திரும்பியதில்லை.

அறிக்கையை எழுதி டாக்டரிடம் கொண்டு போனேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நல்லதாப் போச்சு. ஆக்கிரமிப்பு. அவங்க கட்டின தூண், அவங்க வீட்டு அடைப்பு. அதை மட்டும் எழுதி அனுப்பிடுங்க. குழாயை எதுக்கு இழுக்கிறீங்க?"

"ஓட்டைக் குழாய் நம்மளோடது சார். பொதுச் சாக்கடைக்குள்ள குடிநீர்க் குழாயைப் போட்டது நாம. ஒவ்வொரு தடவையும் மேலோட்டமாக் குத்திட்டு, நீக்கப்பட்டதுன்னு எழுதினதும் நாம. குழாய் மாத்தினதுக்குக் குடிநீர்ப் பிரிவு பதிவு போட்டாச்சு. நாளைக்கு மேஸ்திரி மேலதிகாரிகிட்ட போனா அதை யார் மறைக்கிறது?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "உங்களுக்கு வாய் ஜாஸ்தி. சரி, ரெண்டையும் எழுதுங்க" என்றார். பயத்தில் செய்தாரோ, நியாயத்தில் செய்தாரோ, கையெழுத்துப் போட்டார்.

தட்டச்சு ஆகி வருவதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். கதவோரம் நிற்காமல் நேரே உள்ளே வந்து, முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சறுக்கை உடைச்சுட்டீங்க."

"ஆமா மேஸ்திரி. பிளாஸ்டிக் நிறைய அடைச்சிருந்தது." அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"என் வீட்டுக்காரியும் அதான் சொன்னா." கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், நான் கொத்தன். சாயங்காலம் வந்து குனிஞ்சு பாத்தேன். தரையில சதுரமா கலவை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. என் கலவை எனக்குத் தெரியாதா. தூணோட கால் அது. பிளாஸ்டிக் அதுலதான் சிக்கியிருக்கு."

நான் மேசை மேலிருந்த கோப்பை மூடி வைத்தேன்.

"நேத்தும் சத்தம் கேட்டுச்சு சார். தடக்குனு. பலகையே இல்ல, எங்க ஏறினான்னு தெரியல. நான் திரும்பிப் பாக்கல. என் வீட்டுக்காரி நிமிர்ந்து என்னைப் பாத்தா. எதையோ கண்டுபிடிச்சுடுவேனோன்னு பயந்த மாதிரி பாத்தா. அப்பத்தான் புரிஞ்சுது, அவளுக்கும் தெரியும். என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றா."

"மேஸ்திரி, குழாய் நல்லா இருந்திருந்தா அந்தத் தூண் எத்தனை அடைச்சிருந்தாலும் உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. இது உங்க ஆறுதலுக்குச் சொல்றது இல்ல. பதில்லயும் எழுதியிருக்கேன்."

"தூணையும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"சரி. அதை எடுக்காதீங்க." எழுந்தார். "உண்மை எழுத்துல இருக்கணும்னு நான்தானே கேட்டேன். ஆனா படிச்சுக் காட்டப்போறது அவதான். அவ என்ன படிக்கிறாளோ அதை நான் கேட்டுக்கறேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பதிலைத் தபாலில் அனுப்புவதுதான் முறை. நானே எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம். சாக்கடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் இரண்டு மரப்பலகை போட்டிருந்தார்கள், எடுத்து வைக்கிற மாதிரி. கால் வைத்தபோது நான் சத்தம் வராமல் வைத்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்த அம்மா உறையைப் பிரித்தார். மேஸ்திரி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துகொண்டார். என்னை உட்காரச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை, நான் கதவோரம் நின்றேன்.

"பொருள், பொதுச் சாக்கடை அடைப்பு, குடிநீர் மாசு, தங்கள் கடிதம் தொடர்பாக" என்று வாசித்தார். "தாங்கள் குறிப்பிட்ட இடத்தில் ஆய்வு செய்யப்பட்டது." அங்கே நின்றார். கண் வரிகளில் ஓடியது. அந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும், நானே எழுதியது. விரல் தாளின் மேல் மெதுவாக நகர்ந்து, பத்தியைத் தாண்டியது.

"நகராட்சியின் குடிநீர்க் குழாயின் இணைப்பில் கசிவு இருந்தது கண்டறியப்பட்டது. அதன் வழியே கழிவுநீர் கலந்திருக்க வாய்ப்புண்டு. குழாய் மாற்றி அமைக்கப்பட்டது. முந்தைய புகார்களின்போது முழுமையான ஆய்வு செய்யப்படாததற்கு இவ்வலுவலகம் வருந்துகிறது."

தாளை மடித்தார்.

"அவ்வளவுதானா?" என்றார் மேஸ்திரி.

"அவ்வளவுதான்."

"அப்ப நம்ம மேல ஒண்ணும் இல்லையே?"

"நம்ம மேல என்னங்க இருக்கு."

மேஸ்திரி தலையை ஆட்டினார். தலை சுவரில் சாய்ந்திருந்தது, கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை படி."

அந்த அம்மா தாளைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதே இடத்தில் நின்றார், அதே இடத்தில் தாண்டினார். மேஸ்திரி கண்ணைத் திறக்காமல் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.